சுவருக்குள் ஓடிய நீர்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் ஆண்டு, தை மாதத்து இரவு ஒன்றில் எங்கள் மகள் தன் பாட்டியின் கட்டிலிலிருந்து எழுந்து வந்து எங்களை உலுக்கினாள். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

“அப்பா, பாட்டி சொல்வது உண்மைதான். சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது.”

மூன்று வாரங்களாக எங்கள் தாயார் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். படுத்தால் கேட்கிறது, எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது என்பார். எழுந்தால் நிற்கும் ஓசை சுவரில் எப்படி இருக்க முடியும் என்று எண்ணி, எழுபத்தாறு வயதில் வரும் காதிரைச்சல் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். காது மருத்துவரிடமும் அழைத்துச் சென்று வந்தோம். அதன்பின் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேத்தியிடம் மட்டும், “இங்கே தலை வைத்துப் பார்” என்று சொல்லியிருக்கிறார்.

நாங்களும் தலை வைத்துப் பார்த்தோம். கட்டிலின் தலைமாட்டுப் பலகை சுவரை ஒட்டியிருந்தது. பலகையில் தலை பட்டவுடன், தொலைவில் அப்பளம் பொரிவது போன்ற மெல்லிய, இடைவிடாத ஓசை கேட்டது. தலையைத் தூக்கினால் இல்லை. சுவரின் அதிர்வு மரத்தின் வழியே தலைக்கு வந்துகொண்டிருந்தது. எதைக் காதுக் கோளாற்றுக்குச் சான்றாகக் கொண்டோமோ, அதுவே ஓசை சுவரில்தான் இருக்கிறது என்பதற்குச் சான்றாக நின்றது. மற்ற அறைகளில் நாங்கள் கேளாததற்கும் காரணம் இருந்தது. கோடை முழுவதும் மின்விசிறியின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். குளிர்காலத்தில் விசிறி நின்றபோதும் எங்கள் கட்டில்கள் சுவரைத் தொடவில்லை.

லேக் மார்க்கெட்டுக்கு அருகே பழைய இரண்டடுக்கு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்கு உரிமையாளரான மூதாட்டி. நாங்கள் அவரை ‘மாஷிமா’ என்று அழைப்போம். சுர்க்கிச் சுண்ணாம்பில் கட்டிய, ஒன்றேகால் அடிக் கனமுள்ள செங்கல் சுவர்கள். அவற்றுக்குள் புதைத்த இரும்புக் குழாய்கள் எப்போது போடப்பட்டவை என்று மாஷிமாவுக்கே நினைவில்லை.

வங்கியில் நாள் முடிவில் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் எல்லாப் புத்தகங்களையும் ஒன்றாகப் புரட்டுவதில்லை. சரியானவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருவோம்; மிஞ்சுவதில் பிழை இருக்கும். அன்றிரவும் அதே வழியைக் கைக்கொண்டோம்.

முதலில் மாநகராட்சிக் குழாயை விலக்கினோம். வடக்கே பல்தாவில் சுத்திகரிக்கப்படும் ஹூக்ளி நீர், 1911 முதல் டாலாவின் மாபெரும் மேல்நிலைத் தொட்டி வழியாக நகருக்கு வருகிறது. தெற்குப் பகுதிகளுக்குக் கார்டன் ரீச் நிலையம் உண்டு. எங்கிருந்து வந்தாலும் எங்கள் தெருவில் நள்ளிரவில் குழாயில் நீர் வராது. வரும் நேரத்தில் அது தரையடித் தொட்டியில் நிறையும். பிறகு மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். மோட்டாரும் அப்போது ஓடவில்லை. கழிவுநீர்க் குழாயாக இருந்தால், யாராவது நீர் புழங்கும்போது மட்டும் கடகடவென்று ஓடி அடங்கும். இடைவிடாத சீற்றம் என்றால் அழுத்தத்தில் நிற்கும் குழாய்தான். ஆகவே மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களில் ஒன்று கசிகிறது என்று தெரிந்தது.

கசிவு எவ்வளவு? இங்கே பெரும்பாலான வீடுகளில் குடிநீருக்கு மீட்டர் இல்லை. மீட்டர் உள்ள ஊராக இருந்தால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரின் முள் நகர்கிறதா என்று பார்த்தாலே போதும். எங்களுக்குத் தொட்டியே மீட்டர் ஆனது. பனிமூட்டத்தில் கைவிளக்குடன் மாடியேறினோம். மூடியைத் திறந்து, தொட்டியின் வாய் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளவுகோலால் அளந்தோம். 12.30 மணிக்கு 42 சென்டிமீட்டர். ஒரு மணி நேரம் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு. கீழ்வீட்டில் விளக்கில்லை. 1.30 மணிக்கு 43 சென்டிமீட்டர் இருந்தது.

தொட்டியின் குறுக்களவு சுமார் 105 சென்டிமீட்டர். அத்தகைய தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 9 லிட்டர் போனதாகப் பொருள். ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில், கழிப்பறைத் தொட்டி ஓசையின்றிக் கசிகிறதா என்றும் பார்த்துவிட்டோம். எங்கள் இல்லத்தரசி மறுநாளைக்கு இறக்கியிருந்த காப்பி டிகாக்‌ஷனில் அரை டம்ளரை ஃப்ளஷ் தொட்டியில் ஊற்றினார். அரைமணி கழித்தும் கீழே பீங்கானில் நிறம் இறங்கவில்லை. அதுவும் விலக்கப்பட்டது.

தொட்டியிலிருந்து மூன்று குழாய்கள் இறங்கின. ஒன்று எங்கள் சமையலறைக்கு, ஒன்று எங்கள் குளியலறைக்கு, மூன்றாவது கீழ்வீட்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. மகளும் நாங்களும் மாடியில். தாயார் கட்டிலில் தலை வைத்தபடி, இல்லத்தரசி கைபேசியுடன் அருகில். சமையலறை வால்வை மூடினோம். “ஓடுகிறது” என்றார் தாயார். குளியலறை வால்வை மூடினோம். “ஓடுகிறது.”

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். பழைய வால்வுகளில் பிடி சுற்றும். உள்ளே கதவு இறங்காது. மூடியதாக நாம் நம்புவோம், நீர் போய்க்கொண்டிருக்கும். அதனால் சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் திறந்து பார்த்தோம். குழாய்க்குள் மிஞ்சியிருந்த நீர் வடிந்ததும் இரண்டும் நின்றுபோயின. வால்வுகள் சரியாகவே மூடியிருந்தன; எங்கள் குழாய்கள் இரண்டும் குற்றமற்றவை.

மூன்றாவது வால்வு துருவேறி இறுகியிருந்தது. வலிந்து திருகினால் தண்டு முறியும். சிறிது திறக்கும் பக்கம், பின் மூடும் பக்கம் என்று முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து இறக்கினோம். ஓசை மெலிந்தது என்று செய்தி வந்தது. இன்னும் கால் சுற்று. கைபேசியில் தாயாரின் குரல் கேட்டது: “நின்றுவிட்டது.”

மாஷிமாவின் குழாய், எங்கள் சுவருக்குள்.

இடத்தைக் கண்டறிய வால்வை மீண்டும் சிறிது திறந்தோம். தாயார் அறையின் இரும்பு அலமாரி அந்தச் சுவரை ஒட்டி நின்றது. அதை நகர்த்தியபோது நெஞ்சு திடுக்கிட்டது. பின்னால் வண்ணப்பூச்சு கொப்புளித்து, ஈரம் ஒரு முழ அகலத்துக்குப் பரவி, சுவிட்ச் போர்டுக்கு நான்கு விரற்கடை தொலைவில் வந்து நின்றது. தாயார் இரவில் எழும்போதெல்லாம் கை வைத்துத் தடவும் சுவிட்ச் அது. சுவரைத் தொட நீண்ட மகளின் கையைப் பிடித்து நிறுத்தினோம். முதலில் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தோம். அறையின் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. போர்டுக்கு வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

பிறகு கைவிளக்கு வெளிச்சத்தில், எவர்சில்வர் டம்ளரின் வாயைச் சுவரில் பொருத்தி, அடியில் காதை வைத்து அடி அடியாகக் கேட்டோம். ஓசை எங்கும் இருந்தது. இரும்புக் குழாய் அதை நெடுந்தூரம் கடத்திவிடும். ஈரம் தெரியும் இடத்திலும் கசிவு இருக்க வேண்டியதில்லை. நீர் கீழிறங்கித்தான் வெளியே தெரியும். அதனால் ஒவ்வோர் அடியிலும் சாக்கட்டியால் கோடிட்டு, ஓசை கூடுவதையும் குறைவதையும் குறித்தோம். ஈரத்துக்கு ஒன்றரை அடி மேலே, சன்னல் மூலையில் ஓசை உரத்திருந்தது. அதற்கு மேலும் கீழும் தேய்ந்தது. அங்கே வட்டமிட்டு, வால்வை முழுதாக மூடியபோது மணி மூன்றரை.

இப்போது கீழ்வீட்டில் நீரில்லை. மாஷிமா ஐந்து மணிக்குக் குளித்துப் பூசை செய்பவர். எங்கள் குளியலறை வால்வைத் திறந்து நான்கு வாளி நிரப்பி, ஓசைப்படாமல் இறக்கி அவர் வாசலில் வைத்தோம். கடைசி வாளியை வைக்கும்போது கதவு திறந்தது. விவரம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“நாளுக்கு ஒருமுறை போட்ட மோட்டாரைச் சில வாரங்களாக இரண்டு முறை போடுகிறேன்” என்றார் பிறகு. “மின்கட்டணம் ஏறியது. நீங்கள்தான் தண்ணீரை வீணாக்குகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். எப்படிக் கேட்பதென்று இருந்துவிட்டேன்.”

தம் படுக்கையறைச் சுவரையும் காட்டினார். அடியில் ஈரம் பூத்து உதிர்ந்திருந்தது. கொல்கத்தாவின் பழைய வீடுகளில் தரையிலிருந்து ஏறும் உப்பீரத்தை ‘நோனா’ என்பார்கள். அதுதான் என்று எண்ணியிருந்தாராம். நோனா ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறும். இது சில வாரங்களில் வந்திருந்தது. மாடியில் நாங்கள் தாயாரை நம்பவில்லை. கீழே அவர் எங்களை நம்பவில்லை. இரண்டுக்கும் நடுவே நீர் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் வந்த குழாய் மிஸ்திரி, சாக்கட்டி வட்டத்தில் ஓரடிச் சதுரம் மட்டும் உடைத்தார். முழங்கை இணைப்பில், மரை வெட்டிய இடத்தில் ஒரு துளை. தையல் ஊசி நுழையும் அளவு. மரை வெட்டும்போது குழாயின் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, இரும்பும் மெலிந்துவிடுகிறது. துரு அங்கேதான் முதலில் தின்னும் என்றார். ஓரிடத்தில் துளை விழுந்த குழாயில் மற்ற இணைப்புகளும் அதே வயதினவே. எனவே ஒட்டுப் போடாமல் அந்தக் குழாயையே கைவிட்டு, புதிய பிளாஸ்டிக் குழாயைச் சுவருக்கு வெளியே இறக்கினோம். செலவை மாஷிமா ஏற்றார். சுவிட்ச் போர்டை மின்பணியாளர் எதிர்ச்சுவருக்கு மாற்றினார்.

உடைத்த இடத்தை உடனே பூசவில்லை. கனத்த சுண்ணாம்புச் சுவர் நீரை எளிதில் விடாது. வாரம் ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பார்த்தோம். தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பியிருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. துளி அரும்பாத நாள் வர ஏழு வாரங்கள் ஆயின. அதன்பின்னரே பூச்சு, அதற்கும் பின் வண்ணம்.

குழாய் மாற்றிய அன்றிரவு தாயார் வழக்கம்போல் பலகையில் தலை வைத்துப் படுத்தார்.

“ஒன்றும் கேட்கவில்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “எதற்கும் நீயும் வந்து ஒருமுறை கேட்டுவிடு” என்றார்.

நாங்கள் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராகக் கேட்டோம்.