ஒரே பிட்டில் ஓர் எழுத்து

கணினியில் க, ட, ப போன்ற ஓர் எழுத்தைத் தட்டினால், இன்று பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் அது 3 பைட்டை, அதாவது 24 பிட்டை எடுத்துக்கொள்கிறது. அடிக்கடி வரும் எழுத்துக்கும் எப்போதாவது வரும் எழுத்துக்கும் அதே இடம்தான். அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறியீடும் அரிதாக வருவதற்கு நீளமான குறியீடும் கொடுத்தால் கோப்பு சுருங்கும் என்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். தந்திக் காலத்து மோர்ஸ் முறையிலேயே ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 'இ' எழுத்துக்கு ஒற்றைப் புள்ளிதான். ஆனால் மோர்ஸில் எழுத்துக்கு எழுத்து சற்று நிறுத்தவேண்டும். நிறுத்தாவிட்டால் மூன்று புள்ளிகள் 'எஸ்' ஆகவும் இருக்கலாம், மூன்று 'இ'யாகவும் இருக்கலாம். கணினியிடம் இருப்பதோ 0, 1 மட்டுமே. நிறுத்தத்துக்கு அதில் இடமில்லை.

எந்த எழுத்தின் குறியீடும் இன்னொன்றின் தொடக்கமாக அமையாமல் பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். ஒரு சிறிய வரியை எடுத்துச் செய்து பார்ப்போம்: 'கடகட மடமட படபட சடசட'. இதில் ட 8 முறை, இடைவெளி 3 முறை, க, ம, ப, ச ஒவ்வொன்றும் 2 முறை, மொத்தம் 19. யுடிஎஃப்-8இல் இது 408 பிட் (இடைவெளிக்கு மட்டும் 8 பிட்). ஆறே குறிகள்தானே என்று ஒவ்வொன்றுக்கும் சமமாக 3 பிட் கொடுத்தால் 57 பிட்.

இன்னும் குறைக்க எங்கிருந்து தொடங்குவது? அமெரிக்காவின் எம்ஐடியில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் மேலிருந்து தொடங்கினார்: எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமான இரு பங்காகப் பிரி, பிறகு ஒவ்வொரு பங்கையும் பிரி. நல்ல வழிதான், ஆனால் எப்போதும் மிகச் சிறந்த விடை வராது. 1951இல் அவர் தம் மாணவர்களிடம், ஆண்டிறுதித் தேர்வுக்குப் பதிலாக இந்தக் கணக்கைத் தீர்த்துக் கட்டுரை எழுதலாம் என்றார். தமக்கே விடை கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை! டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் மாதக்கணக்கில் முட்டி மோதி, கைவிடப்போகும் வேளையில் கணக்கைத் தலைகீழாகப் பிடித்தார். அடியிலிருந்து, அதாவது ஆகக் குறைவாக வருபவற்றிலிருந்து தொடங்கவேண்டும்.

நம் வரியில் ப, ச இரண்டையும் ஒரே குடும்பமாகச் சேர்த்தால் அதன் எண்ணிக்கை 4. க, ம சேர்ந்து இன்னொரு 4. இனி கையில் உள்ளவை 8, 3, 4, 4. இவற்றில் ஆகச் சிறிய இரண்டு, 3 உள்ள இடைவெளியும் ஒரு 4உம்; ப-ச குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 7. அடுத்து 4உம் 7உம் சேர்ந்து 11. கடைசியில் 8 உள்ள ட அதனோடு சேர 19. இப்போது உச்சியிலிருந்து இறங்கிவந்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு பக்கத்துக்கு 0, மறுபக்கத்துக்கு 1 என்று எழுதினால் குறியீடு தயார்:

```
ட        0
க        100
ம        101
இடைவெளி  110
ப        1110
ச        1111
```

கடைசி வரை தனித்து நின்ற ட ஒரே பிட்டில் முடிந்தது. முதலில் சேர்க்கப்பட்ட ப, ச இரண்டும் நாலு பிட்டுக்குத் தள்ளப்பட்டன. 'கடகட' 10001000 ஆகிறது. இடமிருந்து படியுங்கள்: 1 மட்டும் எந்த எழுத்தும் இல்லை, 10உம் இல்லை, 100 என்றதும் க. அடுத்த 0 வந்ததுமே ட. குழப்பத்துக்கு வழியே இல்லை. முழு வரிக்கும் 45 பிட்தான். எழுத்துக்கு எழுத்து குறியீடு தரும் எந்த முறையாலும் இதைவிடக் குறைக்க முடியாது என்பதையும் ஹஃப்மன் நிறுவினார். 1952இல் கட்டுரை அச்சேறியது. இதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

ஒரு பிட் கெட்டால்? 'கடகட'வின் முதல் 1 தவறி 0 ஆனால் 'டடடடகட' என்று வாசிக்கும். நாலெழுத்து ஆறெழுத்தாகிவிட்டது, நம் அதிர்ஷ்டம், அதற்குப் பிறகு சரியாகிவிடுகிறது. எப்போதும் அப்படி வாய்க்காது. ஜிப் கோப்பில் சரிபார்ப்பு எண் ஒன்றும் சேர்த்து வைப்பது இதனால்தான்.

இன்னொரு செலவும் உண்டு. விரிப்பவருக்கு இந்த அட்டவணையும் வேண்டும். 45 பிட்டுள்ள நம் வரிக்கு அட்டவணையே வரியைவிடப் பெரிதாகிவிடும். பெரிய கோப்பில்தான் லாபம். எல்லாக் குறிகளும் ஏறக்குறைய சம அளவில் வந்தாலும் பயனில்லை. ஜேபெக் படத்தை ஜிப் செய்தால் அளவு அசையாததற்கு இதுவே காரணம்: ஜேபெக்குக்குள்ளேயே ஹஃப்மன் வேலை முடிந்துவிட்டது.

ஹஃப்மன் முறை தனியாக எண்ணிக்கையைத்தான் பார்க்கும். 'கட' இருமுறை வந்ததை அறியாது. ஆகவே ஜிப், திரும்ப வரும் துண்டுகளை முதலில் பிடித்துவிட்டு, மிஞ்சியதை ஹஃப்மனிடம் விடுகிறது. யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் 3 பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது, இரண்டில் ஒன்று. தமிழ்க் கோப்பு ஒன்றை ஜிப் செய்து பாருங்கள், இந்த வீண் இடம் எவ்வளவு கரைகிறது என்பது தெரியும்.