பெடல் கெட்டியானால் பிரேக் பிடிக்குமா?

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறையில் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "பிரேக் ரொம்ப கீழ போகுதுண்ணே." அதற்குச் சில மெக்கானிக்குகள் கைவசம் வைத்திருக்கும் வைத்தியம், கொஞ்சம் பெரிய மாஸ்டர் சிலிண்டரை வாங்கி மாட்டிவிடுவது. மாட்டியதும் பெடல் மேலேயே நிற்கும், காலுக்குக் கல் போல இருக்கும். வண்டிக்காரருக்கும் திருப்தி. சரிவில் ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கும்போதுதான் முன்பைவிட அதிகமாக மிதித்தும் வண்டி நிற்க மறுப்பது தெரியவரும். பெரிய மாஸ்டர் சிலிண்டர் பிரேக்கைப் பலவீனமாக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. கணக்குப் போட்டால் நம்பித்தான் ஆகவேண்டும்.

பெடலை மிதித்தால் புஷ் ராட் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைப் பிஸ்டனின் பரப்பளவால் வகுத்தால் வருவதே பிரேக் ஆயிலில் உண்டாகும் அழுத்தம். பரப்பு சிறிதானால் அழுத்தம் கூடும். அதே அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் குறையாமல் போய்ச் சேருகிறது. அங்கே வீல் சிலிண்டரில் கணக்கு தலைகீழ்: பிஸ்டன் பெரிதாக இருந்தால் ஷூவைத் தள்ளும் விசை அதிகம். ஆகவே மாஸ்டர் சின்னது, வீல் சிலிண்டர் பெரியது என்று வைத்தால் விசை பெருகிக்கொண்டே போகும். ஆனால் பெரிய வீல் சிலிண்டரை நிரப்ப நிறைய ஆயில் வேண்டும். சின்ன மாஸ்டர் அவ்வளவு ஆயிலைத் தள்ள நீண்ட தூரம் நகரவேண்டும். அந்தத் தூரத்தைக் கொடுக்கவேண்டியது நம் பாதம்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பூஸ்டர் கிடையாது, நான்கிலும் டிரம் பிரேக், ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் இந்த வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 24 மீட்டருக்குள் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், தரையில் டயர்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 600 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கவேண்டும். டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர், டிரம்மின் ஆரம் 11.5. டிரம் சிறியது என்பதால் அதன் உட்புறத்தில் தேவைப்படும் உராய்வு விசை 1,565 கிலோவாக உயர்கிறது.

நல்லவேளையாக டிரம் பிரேக்கில் ஓர் உதவி உண்டு. சுழலும் டிரம், முன்னால் இருக்கும் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்கிறது. பின் ஷூவை அதே சுழற்சி சற்றுத் தளர்த்துகிறது என்றாலும், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பிஸ்டன் தள்ளும் விசையைப்போல் சுமார் இரண்டு மடங்கு உராய்வு கிடைக்கும். லைனிங்கில் ஆயில் படாமல், சூடேறி வழுக்காமல் இருக்கும்வரை இது பொருந்தும். முன் வீல் சிலிண்டர் ஒரு அங்குலம், பின்னது முக்கால் அங்குலம். பரப்பு முறையே 5.07, 2.85 சதுர சென்டிமீட்டர். நான்கு சக்கரத்துக்கும் கூட்டினால் 15.84. இதிலிருந்து தேவையான ஆயில் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 49 கிலோ.

இனி மாஸ்டர் சிலிண்டர். பெடலின் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்று. முக்கால் அங்குல மாஸ்டர் போட்டால் 49 கிலோ அழுத்தம் வர 28 கிலோ மிதித்தால் போதும். முக்காலே அரைக்கால் என்றால், அதாவது 22.2 மில்லிமீட்டர் போர் என்றால், 38 கிலோ. ஒரு அங்குலம் என்றால் 50 கிலோ. பயணிகள் கார்களுக்கான ஐ.நா. விதிமுறையில், பிரேக் சோதனையின்போது பெடலில் கொடுக்கக்கூடிய உச்ச விசை 500 நியூட்டன், கிட்டத்தட்ட 51 கிலோ. ஒரு அங்குலம் அந்த எல்லையின் ஓரத்தில் நிற்கிறது. அதே 28 கிலோவை மட்டும் மிதித்தால், ஒரு அங்குல மாஸ்டர் உள்ள வண்டி நிற்க 24 மீட்டருக்குப் பதில் 42 மீட்டர் ஆகும். பெடல் கெட்டியாக இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் ஆபத்தாகிறது. காலுக்குத் தெரிவது பெடலின் எதிர்ப்பு மட்டுமே, டிரம்மில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அப்படியானால் சின்னதையே போட்டுவிடலாமே? தூரத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும். ஷூ டிரம்மைத் தொட்டு இறுக ஒவ்வொரு வீல் பிஸ்டனும் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்கிறது என்று கொள்வோம். மொத்தம் எட்டுப் பிஸ்டன். தேவைப்படும் ஆயில் 4.75 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இதைத் தள்ள முக்கால் அங்குல மாஸ்டர் சுமார் 17 மில்லிமீட்டர் நகரவேண்டும். பெடலில் அது 83 மில்லிமீட்டர். நடுத்தர அளவுக்கு 61, ஒரு அங்குலத்துக்கு 47. பெடலின் தொடக்கத் தளர்வும், அழுத்தத்தில் ரப்பர் ஹோஸ் கொஞ்சம் உப்புவதும் இதன்மேல் சேரும்.

83 மோசமில்லை. ஆனால் லைனிங் தேய்ந்து, யாரும் ஷூவை அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டு, அந்த ஒன்றரை மில்லிமீட்டர் மூன்றானால் பெடல் 167 மில்லிமீட்டர் கீழே போகவேண்டும். பல வண்டிகளில் அதற்கு முன்பே தரைப்பலகை வந்துவிடும். பட்டறையில் சொல்லப்படும் அந்தப் புகார் பெரும்பாலும் இதுதான். குறை டிரம்மில் இருக்க, மருந்து மாஸ்டருக்குத் தரப்படுகிறது.

எது குறை என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. விட்டு விட்டு இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் பெடல் மேலே ஏறிக் கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்தாலே தீரும். மிதிக்க மிதிக்கப் பஞ்சு போலத் துவண்டால் குழாயில் காற்று இருக்கிறது, ஏர் எடுக்கவேண்டும். ஒரே அழுத்தத்தில் மிதித்தபடி இருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே எங்கும் ஆயில் கசிவும் இல்லையென்றால், மாஸ்டருக்குள் ரப்பர் கப் ஆயிலை விட்டுக்கொடுக்கிறது. இந்த மூன்றில் எதற்கும் பெரிய போர் தீர்வாகாது. சிலிண்டரை மாற்றத்தான் வேண்டுமென்றால், உடம்பில் வார்த்திருக்கும் அளவைப் பார்த்து அதே போரில் வாங்குவதே சரி.

வீல் சிலிண்டரிலும் கைவைக்க ஆசை வரும், குறிப்பாகப் பின்னால். அது இன்னும் விபரீதம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னுக்குச் சாய்கிறது. நம் வண்டியில் நிற்கும்போது முன்னும் பின்னும் ஐந்நூறு ஐந்நூறாக இருந்த எடை, இந்த வேகக்குறைப்பில் சுமார் 640, 360 என்று ஆகிவிடும். முன் வீல் சிலிண்டர்கள் மொத்தப் பரப்பில் 64 சதவீதம் எடுத்துக்கொள்வது தற்செயலல்ல. பின்னால் முக்கால் அங்குலத்துக்குப் பதில் முக்காலே அரைக்கால் போட்டால் பின் பிரேக்கின் விசை 36 சதவீதம் கூடும். சுமை இழந்த பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும், ஈரச் சாலையில் வண்டியின் வால் முன்னுக்கு வந்துவிடும்.

அதனால் வடிவமைப்பவர்கள் முதலில் வீல் சிலிண்டர்களை முடிவு செய்கிறார்கள்: முன்பின் பங்கீடு, மொத்த விசை. மாஸ்டர் கடைசியில்தான். நம் வண்டிக்கு நான் முக்கால் அங்குலத்தையே எடுத்து, தானாக அட்ஜஸ்ட் ஆகும் ஷூக்களை வைப்பேன். அதற்கு வழியில்லை, தேய்மானத்துக்கும் இடம் விடவேண்டும் என்றால் நடுத்தர அளவுக்குப் போய் 38 கிலோவை ஏற்றுக்கொள்ளலாம். ஒரு அங்குல மாஸ்டர்தான் வேண்டுமென்றால் கூடவே வேக்குவம் பூஸ்டரும் வைக்கவேண்டும். அப்போதும் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டக்கூடாது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும், அதன்பின் அந்த 50 கிலோ முழுவதும் ஓட்டுநரின் காலுக்கே வந்து சேரும்.