உருட்டுவதா, புரட்டுவதா?

கைவினைப் பொருட்கள் விற்கும் அமெரிக்க இணையச் சந்தை எட்ஸி. அங்கே எதைத் தேடினாலும் முடிவுகள் பக்கம் பக்கமாக வரும். இந்தத் தொல்லை எதற்கு, விரலால் உருட்ட உருட்டப் பொருட்கள் தானாக வந்துகொண்டே இருக்கட்டுமே என்று அந்த நிறுவனத்துக்கு ஒருமுறை தோன்றியது. மெனக்கெட்டுச் செய்து முடித்து, வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் காட்டிப் பார்த்தார்கள். கணக்கு தலைகீழாக வந்தது. முடிவில்லாப் பட்டியலைப் பார்த்தவர்கள் குறைவான பொருட்களையே திறந்து பார்த்தார்கள்; தேடல் வழியாக வாங்குவதும் குறைந்தது. எட்ஸி பழைய முறைக்கே திரும்பியது.

அங்கே பொறியாளராக இருந்த டான் மெக்கின்லி பிறகு ஓர் உரையில் இதை விவரித்தார். நிறையக் காட்டினால் நல்லது, சீக்கிரம் காட்டினால் நல்லது என்ற இரண்டு நம்பிக்கைகளின் மேல்தான் அந்த வேலை முழுக்க நின்றது. பக்கத்துக்கு இத்தனை பொருள் என்ற எண்ணை மட்டும் மாற்றியிருந்தால் முதல் நம்பிக்கையை மலிவாகவே சோதித்திருக்கலாம். பின்னால் சோதித்தபோது இரண்டுமே விற்பனையைக் கூட்டவில்லை.

கூகுளும் இந்தப் பாதையில் போய்த் திரும்பியதுதான். 2021-ல் கைபேசியிலும் 2022-ல் கணினியிலும் தேடல் முடிவுகளைத் தொடர்ந்து உருளவிட்டது, 2024-ல் கைவிட்டது.

பொழுதுபோக்கப் பார்ப்பவருக்கு எங்கே நிற்கிறோம் என்ற கவலை இல்லை. வாங்க வந்தவருக்கு உண்டு. 1,200 புடவைகள் உள்ள ஒரு கடைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் எழுபதாவது புடவையைத் திறந்து, கரையையும் முந்தானையையும் பார்த்துவிட்டு, முன்பு கண்ட இன்னொன்றோடு ஒப்பிடப் பின்னோக்கிப் போகிறார். உருளும் பட்டியலில் பல நேரம் அவர் முதல் புடவையில் வந்து விழுகிறார். காரணம் எளிது: பிரவுசர் பழைய இடத்தை நினைவில் வைத்திருந்தாலும், மீண்டும் திறக்கும் பக்கத்தில் முதல் 24 புடவைகள்தான் இருக்கும். எழுபதாவது இருந்த உயரமே அங்கே இல்லை. பக்க எண் முறையில் அதே மூன்றாம் பக்கம் அதே நீளத்தில் திரும்பி வரும். போதாக்குறைக்கு, உருளும் பட்டியலில் கடையின் தொலைபேசி எண்ணும் பொருளைத் திருப்பித் தரும் விதிகளும் அடியில் இருந்தால், அவற்றைத் தொடுவதற்குள் அடுத்த வரிசை வந்து கீழே தள்ளிவிடும்.

அதனால் கடைக்குப் பக்க எண்களே மேல். பக்கத்துக்கு 24 என்றால் 1,200 புடவைகள் 50 பக்கங்களில் அடங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி வேண்டும். "அடுத்தது" என்பது உண்மையான இணைப்பாகவே இருக்க வேண்டும்:

```html
<a href="/sarees?sort=price&page=4">அடுத்தது</a>
```

பொத்தானை அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் இயங்கும்படி மட்டும் வைத்தால் கூகுள் உள்ளே வராது. அது பொத்தான்களை அழுத்துவதில்லை, இணைப்புகளைத்தான் பின்தொடரும். வரிசைப்படுத்தும் முறையும் முகவரியிலேயே இருந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திறப்பவரும் அதே வரிசையைப் பார்ப்பார். படங்களுக்கு அகலமும் உயரமும் முன்பே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் படம் இறங்க இறங்கப் பக்கம் துள்ளும்.

பெரும்பாலோர் சறுக்குவது தரவுத்தளத்தில். விலைவாரியாக அடுக்கும்போது 1,499 ரூபாய்க்கே நாற்பது புடவைகள் இருக்கும். அந்த நாற்பதில் எது முன், எது பின் என்று சொல்லாவிட்டால், தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே மாம்பழ நிறப் புடவை இரண்டாம் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் வரும். இன்னொன்று எந்தப் பக்கத்திலும் தலைகாட்டாது. புகார் சொல்லவும் ஆள் இருக்காது, காணாத புடவையை யார் கேட்பார்கள்? விலைக்குப் பிறகு `id` என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். மூன்றாம் பக்கத்துக்கு:

```sql
SELECT id, name, price FROM sarees
ORDER BY price, id
LIMIT 24 OFFSET 48;
```

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, 50 பக்கங்களிலும் வந்த `id` எண்களைத் திரட்டி, திரும்ப வந்தவற்றை நீக்கி எண்ண வேண்டும். 1,200 வந்தால் சரி. 1,187 என்றால் 13 புடவைகள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. இந்தச் சோதனையின்போது சரக்கு மாறக் கூடாது. நடுவில் ஒரு புடவை விற்று நீங்கினாலும் எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்து எண்ணிக்கை பிசகும்.

`OFFSET` இந்த அளவுக் கடைக்குத் தாராளமாகப் போதும். பொருட்கள் பல லட்சமானால், கடைசிப் பக்கங்களுக்காகத் தரவுத்தளம் முன்னுள்ள எல்லாவற்றையும் கடந்து வர வேண்டியிருப்பதால் வேகம் குறையும். ஆனால் ஐம்பதாம் பக்கம் வரை புரட்டுகிறவர் அபூர்வம். அந்த வேகத்துக்கு மல்லுக்கட்டுவதைவிட, துணி, நிறம், விலை என்று சலித்தெடுக்கும் வசதியைப் பட்டியலின் தலையில் வைத்து, 1,200-ஐ அறுபதாகக் குறைத்துக் கொடுப்பதே வாங்குபவருக்கு உதவும்.