ஸூமும் எக்ஸானும் இடம் மாறிய கதை

2020 அக்டோபர் கடைசியில் அமெரிக்கப் பங்குச்சந்தையில் ஒரு விநோதம் நடந்தது. ஊரடங்கில் வீட்டோடு அடைபட்டவர்களை வீடியோ அழைப்பில் சேர்த்துவைத்த ஸூம் நிறுவனத்தின் சந்தை மதிப்பு, எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபிலைத் தாண்டிவிட்டது. ஸூமின் முந்தைய நிதியாண்டு வருவாய் சுமார் 62 கோடி டாலர். எக்ஸானுக்கோ 2019-இல் 25,000 கோடி டாலருக்கும் மேல்.

சந்தை பைத்தியக்காரத்தனமாக நடந்துகொண்டதாக அன்று பலருக்குத் தோன்றியது. ஆனால் அந்த விலைகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ஸூமை வாங்கியவர்கள் நாளை வரப்போகும் இலாபத்துக்காக இன்று கூடுதல் விலை கொடுத்தார்கள். இது வளர்ச்சி முதலீடு. எக்ஸானின் பங்கு அப்போது சுமார் 33 டாலருக்குக் கிடைத்தது. ஆண்டு டிவிடெண்ட் மட்டுமே 3.48 டாலர், அதாவது போட்ட பணத்தில் பத்து சதவீதத்துக்கும் மேல். கையில் இருக்கும் சொத்துக்கும் வருமானத்துக்கும் குறைவான விலையில் கிடைப்பதை வாங்கிப் பொறுத்திருப்பது மதிப்பு முதலீடு.

அந்தக் கணக்கை வட்டியிலிருந்து தொடங்க வேண்டும். 20 ஆண்டுகள் கழித்து வரவேண்டிய 100 ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு? வட்டி 6 சதவீதம் என்றால் 31 ரூபாய். வட்டி 9 சதவீதமானால் 18 ரூபாய்தான். அதே 100 ரூபாய் இரண்டே ஆண்டில் வரும் என்றால், 6 சதவீதத்தில் 89 ரூபாய், 9 சதவீதத்தில் 84 ரூபாய். வட்டி ஏறியது இரண்டுக்கும் ஒரே அளவு. ஆனால் தூரத்துப் பணம் மதிப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இழக்கிறது. பக்கத்துப் பணம் ஐந்தாறு சதவீதம்தான் இழக்கிறது. வளர்ச்சிப் பங்கின் இலாபத்தில் பெரும்பகுதி தூரத்தில் இருக்கிறது. வட்டி இறங்கும்போது அது துள்ளுவதற்கும், ஏறும்போது துவண்டுபோவதற்கும் இதுவே முதல் காரணம். 2020-இல் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி ஏறக்குறைய பூஜ்யம்.

இரண்டாவது காரணம், வளர்ச்சி எவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்பது. ஊர் முழுக்கத் தொழில் படுத்துக் கிடக்கும்போது வளரும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை; அவற்றுக்கு என்ன விலையும் கொடுக்கலாம் என்று தோன்றும். பொருளாதாரம் எழுந்துவிட்டால் வங்கி, எண்ணெய், எஃகு என்று எல்லாமே வளர்கின்றன. பிறகு வளர்ச்சிக்கென்று தனி விலை எதற்கு? 2020 நவம்பர் 9 அன்று ஃபைசர் தன் தடுப்பூசி நன்றாக வேலை செய்வதாக அறிவித்தது. அன்று ஒரே நாளில் ஸூம் சுமார் 17 சதவீதம் சரிந்தது. ஜேபி மோர்கன் வங்கிப் பங்கு 13 சதவீதம் ஏறியது.

பிறகு 2022-இல் வட்டி 4 சதவீதத்தைத் தாண்டியது. எண்ணெய் விலையும் உயர்ந்தது. எக்ஸான் அந்த ஆண்டில் 5,500 கோடி டாலருக்கும் மேல் இலாபம் பார்த்தது. பங்கு 110 டாலருக்கு வந்தது. 2020 அக்டோபரில் 568 டாலர் தொட்ட ஸூம், 70 டாலருக்கும் கீழே இறங்கியது. ஸூமின் வியாபாரம் சரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதன் வருவாய் 400 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஆனால் நான்கு மடங்குக்கு மேல் பெருகிய வளர்ச்சி வேகம் ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு வந்துவிட்டது. நல்ல நிறுவனத்தையும் தவறான விலையில் வாங்கினால் நஷ்டம்தான் என்று நான் நம்புவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு, மலிவாக இருப்பதை வாங்கினால் போதும் என்று முடிவுகட்டினால் அதுவும் ஆபத்து. எண்ணெய், எஃகு போன்ற தொழில்களில் இலாபம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பங்கின் விலை ஓராண்டு இலாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்வது பி.இ. விகிதம். இலாபம் உச்சியில் இருக்கும்போது அந்த விகிதம் மிகக் குறைவாகத் தெரியும். 2022 முடிவில் எக்ஸானின் பி.இ. சுமார் 8. பார்த்தால் மலிவுதான். ஆனால் 2023-இல் அதன் இலாபம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பங்கும் இறங்கியது. 2020-இலோ எக்ஸான் நஷ்டத்தில் ஓடியதால் பி.இ. கணக்கிடவே வழியில்லை, உண்மையில் மலிவாக இருந்தது அப்போதுதான். இத்தகைய பங்குகளில் ஓராண்டு இலாபத்தை விட்டுவிட்டு, ஏழெட்டு ஆண்டுச் சராசரி இலாபத்தோடும் புத்தக மதிப்போடும் விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வட்டியை மட்டும் பார்த்துக் கட்சி மாறுவதும் உதவாது. 2023-இல் வட்டி இன்னும் ஏறியது. ஆனாலும் அந்த ஆண்டு அமெரிக்காவின் பெரிய வளர்ச்சிப் பங்குகள்தான் மதிப்புப் பங்குகளைவிடப் பல மடங்கு ஏறின. அதற்கு முன் 2007-க்குப் பிந்தைய பத்தாண்டுக்கும் மேலாக மதிப்புப் பங்குகள் பின்தங்கியே கிடந்தன. அந்தக் காலத்தில் பொறுமை இழந்து வெளியேறியவர்களில் பலர், 2022 வந்தபோது சந்தையின் அந்தப் பக்கத்திலேயே இல்லை.