மூணு கோட்பாடு, ஒரு நோயாளி: பெப்லாவ், ராய், வாட்சனை ஒப்பிடுவது எப்படி?

எம்.எஸ்சி நர்சிங் முதல் வருஷத்தில் நான் எழுதிய கட்டுரை ஒன்று ஒரே ஒரு சிவப்பு மை கேள்வியோடு திரும்பி வந்தது: "ஒப்பீடு எங்கே?" பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஹில்டகார்ட் பெப்லாவுக்கு நாலு பக்கம், காலிஸ்டா ராய்க்கு நாலு பக்கம், ஜீன் வாட்சனுக்கு நாலு பக்கம். கடைசியில் "மூன்றுமே நோயாளியை மையமாகக் கொண்டவை" என்று ஒரு முடிவுரை. யோசித்துப் பார்த்தால் மேடத்தின் கேள்வி சரிதான். மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேனே தவிர, அவர்களைப் பேச விடவில்லை.

மறுபடி எழுதும்போது வேறு வழியில் போனேன். நான் வேலை பார்த்த அறுவை சிகிச்சை வார்டில் எனக்குச் சறுக்கிய ஒரு கேஸை எடுத்து, மூன்று பேரிடமும் அதையே கேட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி அதை இங்கே சொல்கிறேன்.

அவருக்கு வயது 52, பஸ் கண்டக்டர். மலக்குடலில் கட்டி. அதை எடுத்துவிட்டு, பெருங்குடலின் முனையை வயிற்றின் இடது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். இதற்குப் பெயர் கொலாஸ்டமி. வெளியே தெரியும் அந்தக் குடல் வாய்தான் ஸ்டோமா. அதைச் சுற்றி ஒட்டும் பையில் மலம் சேரும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யவேண்டும், சில நாளுக்கு ஒருமுறை பையை மாற்றவேண்டும். வீட்டுக்குப் போவதற்குள் இதை நோயாளியே கற்றுக்கொள்ள வேண்டும்.

இவர் அதைப் பார்க்கவே மறுத்தார். நான் பையைத் தொட்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்களே பாத்துக்கோங்க சிஸ்டர்" என்பார். சாப்பாட்டையும் குறைத்துவிட்டார். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஒட்டும் தகட்டை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக வெட்டவேண்டும், தோலை ஈரம் போகத் துடைக்கவேண்டும் என்று எல்லாமே சொன்னேன். தலையாட்டினார். ஒன்றும் ஏறவில்லை. சார்ட்டில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டு வந்தேன்.

ராய் என்ன செய்யச் சொல்வார்?

ராயின் தகவமைப்புக் கோட்பாடு 1970-ல் வெளிவந்தது. மனிதர் என்பவர் சூழலிலிருந்து வரும் தூண்டல்களுக்குத் தொடர்ந்து பதில் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஓர் அமைப்பு என்பது அவர் பார்வை. எனவே முதலில் நடத்தையைக் கவனிக்கச் சொல்வார். அந்த நடத்தைக்கு என்ன காரணம் என்பது அடுத்த படி. என் சார்ட்டில் நான் எழுதியது நடத்தை இல்லை, தீர்ப்பு. "பையைத் திறக்கும்போது முகத்தைத் திருப்புகிறார், மதியம் பாதிச் சாப்பாடு மீதம்" என்று எழுதியிருந்தால் அது நடத்தை.

நடத்தையை அவர் நாலு தளங்களில் பிரிக்கிறார்: உடலியல், தன்னைப் பற்றிய எண்ணம், வகிக்கும் பங்கு, பிறரோடு உள்ள பிணைப்பு. கண்டக்டர் விஷயத்தில் நாலுமே அடிபட்டிருந்தன. சாப்பாடு குறைந்தது, உடம்பு தன்னுடையதாகத் தெரியவில்லை, நெரிசலான பஸ்ஸில் நின்று டிக்கெட் கொடுக்கமுடியுமா என்ற பயம், மனைவியிடம்கூட சரியாகப் பேசாதது.

பிறகு தூண்டல்கள். நேராக முன்னால் நிற்பது மையத் தூண்டல், இங்கே ஸ்டோமா. அதைக் கூட்டியோ குறைத்தோ காட்டுபவை சூழல் தூண்டல்கள்: திரை இல்லாத பொது வார்டு, வாடை, பக்கத்துக் கட்டில்காரரின் பார்வை. மூன்றாவது எச்சத் தூண்டல். பழைய அனுபவம், நம்பிக்கை மாதிரி, பாதிக்கிறதோ என்று நாம் சந்தேகப்படும் ஆனால் இன்னும் உறுதிசெய்யாத விஷயங்கள்.

இதிலிருந்து வரும் வேலை தெளிவானது. தூண்டலை மாற்று. திரை போடு, மலம் குறைவாக வரும் காலை நேரத்தில் சாப்பாட்டுக்கு முன் பையை மாற்று, "ஆறாம் நாளுக்குள் ஒருமுறை பார்ப்பார்" என்று அளக்கக்கூடிய இலக்கு வை, நடந்ததா என்று மதிப்பிடு. வார்டில் மறுநாளே செய்யக்கூடியது இது. ராயின் பலம் அங்கேதான் இருக்கிறது.

பெப்லாவ் எங்கே வேறுபடுகிறார்?

பெப்லாவின் புத்தகம் 1952-ல் வந்தது. அவர் மனநல செவிலியர். அவர் பார்ப்பது நோயாளியை மட்டும் இல்லை, நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையில் நடப்பதை. அந்த உறவு நாலு கட்டமாக நகர்கிறது. அறிமுகக் கட்டத்தில் இருவரும் அந்நியர்கள், பிரச்சினை என்ன என்பதைச் சேர்ந்து கண்டுபிடிக்கிறார்கள். அடுத்ததில் நோயாளி தனக்கு உதவக்கூடியவரை அடையாளம் காண்கிறார். மூன்றாவதில் கிடைக்கும் உதவியை முழுதாகப் பயன்படுத்துகிறார். கடைசியில் பழைய தேவை தீர்ந்து, செவிலியரை விட்டு விலகுகிறார்.

இதை வைத்துப் பார்த்தால் என் தப்பு உடனே தெரியும். அறிமுகக் கட்டத்தை முடிக்காமலேயே நான் ஆசிரியர் வேலைக்குத் தாவிவிட்டேன். பதற்றத்தை பெப்லாவ் லேசானது, நடுத்தரம், கடுமையானது, பீதி என்று நாலு அளவாகப் பிரிக்கிறார். லேசான பதற்றத்தில் மனிதர் கற்றுக்கொள்ள முடியும், நடுத்தரத்தில் வழிகாட்டினால் முடியும். கடுமையாகும்போது கவனம் சுருங்கிவிடும், சொல்வது காதில் விழும், உள்ளே போகாது. தகட்டை எப்படி வெட்டுவது என்று நான் சொன்னபோது அவர் அந்த நிலையில்தான் இருந்திருக்கிறார்.

ஐந்தாம் நாள் ராத்திரி டியூட்டியில் இருந்த என் தோழி ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எது ரொம்ப கஷ்டமா இருக்குண்ணா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னது: "ஆபரேஷன் முடிஞ்சு ஒரு தடவ பாத்தேன். செவசெவன்னு இருந்துச்சு. கான்சர முழுசா எடுக்காம வெளிய வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

ஸ்டோமா சிவந்து ஈரமாக இருப்பதுதான் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதன் அடையாளம். கறுத்தால்தான் ஆபத்து. எங்களுக்கு அது அரிச்சுவடி, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பார்க்க மறுத்தது பையை இல்லை, கான்சரை.

ராயின் படிவத்திலும் இந்தப் பயத்துக்கு இடம் இருக்கிறது. எச்சத் தூண்டல் என்று எழுதலாம். ஆனால் ராய் அதை எங்கே எழுதுவது என்று சொல்கிறார், பெப்லாவ் அது எப்படி வெளியே வரும் என்று சொல்கிறார். என் இரண்டாவது கட்டுரையில் உருப்படியான முதல் ஒப்பீடு இதுதான்.

வாட்சன்

வாட்சனின் முதல் புத்தகம் 1979. குணப்படுத்துவது மருத்துவத்தின் வேலை என்றால், அக்கறையே நர்சிங்கின் சாரம் என்கிறார். முதலில் பத்து அக்கறைக் காரணிகளாகக் கொடுத்ததைப் பின்னால் ஆன்மிகச் சாயலோடு விரித்தார். அவர் கவனம் ஒரு தருணத்தின் மேல். செவிலியரும் நோயாளியும் தத்தம் வாழ்க்கையோடு வந்து சந்திக்கும் அந்தக் கணத்தில் இருவருமே மாறுகிறார்கள் என்பது அவர் வாதம்.

அவர் என்னிடம் கேட்கக்கூடிய கேள்வி சங்கடமானது: பையைத் திறந்தபோது உன் முகம் எப்படி இருந்தது? மூச்சை அடக்கிக்கொண்டுதான் திறந்தேன். அவர் சுவரைப் பார்க்கத் திரும்புவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்திருப்பார். ராயின் படிவத்தில் என்னையும் ஒரு சூழல் தூண்டலாக எழுதலாம், ஆனால் அது என்னை மாற்றச் சொல்லாது. பெப்லாவும் செவிலியர் தன்னைக் கவனிக்கவேண்டும் என்கிறார், ஆனால் அதற்குக் காரணம் நம் பதற்றம் நோயாளிக்குத் தொற்றும் என்பது. வாட்சனுக்கு அது உத்தி இல்லை, அதுவே சிகிச்சை.

அவருடைய பலவீனமும் இங்கேதான். "அக்கறையோடு இருந்தேன்" என்பதை அடுத்த ஷிஃப்ட்டுக்கு எப்படி ஒப்படைப்பது? ஆறாம் நாளுக்கான இலக்கை ராய் தருவார், வாட்சன் தரமாட்டார்.

மூவரும் முட்டிக்கொள்ளும் இடம்

தோழி விளக்கிய பிறகு, ஆறாம் நாள் அவர் ஒருமுறை பார்த்தார். ஆனால் ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது பையை மாற்றியது அவர் மனைவி. தகட்டை அளவாக வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்டினார். கண்டக்டர் அப்போதும் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தார்.

இது வெற்றியா, தோல்வியா?

ராய் இரண்டாகப் பிரித்துச் சொல்வார். உடலியலும் மனைவியோடுள்ள பிணைப்பும் சரியாகி வருகின்றன, தன்னைப் பற்றிய எண்ணம் இன்னும் இல்லை, அதற்கு ஒரு இலக்கு வைத்து ரிவியூவில் பார். பெப்லாவ் கண்டிப்பாக இருப்பார். செவிலியரைச் சார்ந்திருந்தவர் இப்போது மனைவியைச் சார்ந்திருக்கிறார், ஆள்தான் மாறியிருக்கிறது, உறவு கடைசிக் கட்டத்துக்கு வரவே இல்லை. வாட்சனோ பையை யார் மாற்றினார் என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார். அந்த மனைவியின் கை அவர் உடம்பில் பட்டபோது அவருக்கு அது அவமானமாக இருந்ததா, ஆறுதலாக இருந்ததா என்று கேட்பார்.

ஒரே காட்சி, மூன்று விடை. ஏன் என்று தேடினால், 'ஆரோக்கியம்' என்பதை ஒவ்வொருவரும் எப்படி வரையறுத்தார்கள் என்பதில் போய் நிற்கும். ராய்க்கு அது ஒருங்கிணைந்த முழுமையை நோக்கிய நகர்வு, பெப்லாவுக்கு ஆளுமையின் முன்னோக்கிய வளர்ச்சி, வாட்சனுக்கு மனம், உடல், ஆன்மா இவற்றின் இசைவு. மனிதர், சூழல், ஆரோக்கியம், நர்சிங் என்று நாலு கட்டம் போட்ட அட்டவணையை எல்லோருமே எழுதுவோம். அதில் வரையறைகளை மட்டும் நிரப்பினால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். விடை மாறுகிற ஒரு காட்சியை முதலில் கண்டுபிடித்துவிட்டு அட்டவணைக்குப் போனால், எந்தக் கட்டம் வேலை செய்கிறது என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இவை ஒரே உயரத்தில் இருக்கும் கோட்பாடுகள் இல்லை. வாட்சனுடையது தத்துவத்துக்குப் பக்கத்தில், ராயுடையது பரந்த மாதிரி, பெப்லாவுடையதை நடுத்தர வீச்சுக் கோட்பாடு என்று பலரும் வகைப்படுத்துகிறார்கள். "எது சிறந்தது?" என்று கேட்பதைவிட "எது எங்கே கைவிடும்?" என்று கேட்பது நல்லது. வென்டிலேட்டரில் மயக்கமாக இருப்பவரிடம் பெப்லாவின் கட்டங்கள் நகராது, ராயின் உடலியல் தளம் அங்கேயும் வேலை செய்யும். இனி மாற்ற ஒன்றும் இல்லை என்ற நிலையில் இருப்பவர் பக்கத்தில் உட்காரும்போது ராயின் இலக்குகள் வறண்டுவிடும், வாட்சனிடம் சொல்ல ஏதாவது இருக்கும்.

ரிவியூவுக்கு வந்தபோது கண்டக்டரைப் பார்த்தேன். பையைக் காலி செய்வது அவர், மாற்றுவது மனைவி என்று பிரித்துக்கொண்டார்களாம். இந்தத் தடவை சார்ட்டில் அதை அப்படியே எழுதினேன், என் தீர்ப்பைச் சேர்க்காமல்.