விற்பனை கூடியும் லாபம் குறைந்தால்: பங்குதாரர் கேட்க வேண்டிய கணக்கு

குடும்பத் தொழிலில் பணத்தைப் போட்டுவிட்டு நிர்வாகத்தில் தலையிடாமல் இருக்கும் பங்குதாரர்கள் நம்மிடையே நிறைய. பட்டறையை அண்ணன் பார்த்துக்கொள்வார், தங்கைக்குக் கால் பங்கு இருக்கும். கணக்கு முடிக்கும்போது தங்கைக்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒரே வரிதான்: "விற்பனையெல்லாம் நல்லாத்தான் போச்சு கண்ணு, மார்க்கெட் சரியில்ல, லாபம் குறைஞ்சிருச்சு." மார்க்கெட் சரியில்லை என்றால் விற்பனை எப்படி நன்றாகப் போனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சண்டை என்ற பயம். ஆனால் சண்டையில்லாமல், காகிதத்தில் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. திட்டமிட்ட லாபத்துக்கும் கிடைத்த லாபத்துக்கும் உள்ள இடைவெளியை விலையால் வந்தது, எண்ணிக்கையால் வந்தது என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே அது. செலவுக் கணக்கியலில் இவற்றுக்கு விற்பனை விலை மாறுபாடு, விற்பனை அளவு மாறுபாடு என்று பெயர்.

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மாதத்துக்கு அவர்கள் போட்ட பட்ஜெட் இது: 1,000 கிரைண்டர், ஒன்றின் விலை ஜி.எஸ்.டி. நீங்கலாக 4,000 ரூபாய். மோட்டார், கல், டிரம், கூலி என்று ஒவ்வொரு கிரைண்டருக்கும் ஆகும் செலவு 2,800. மிச்சம் 1,200. ஆயிரத்துக்கு 12 லட்சம். இதில் வாடகை, சம்பளம், வட்டி போன்ற நிலையான செலவு 7 லட்சம் போக, லாபம் 5 லட்சம் வர வேண்டும்.

நடந்தது வேறு. டீலர்களுக்குத் தள்ளுபடி கொடுத்து 3,700 ரூபாய்க்கு விற்றார்கள். 1,150 கிரைண்டர் போனது. விற்றுவரவு 40 லட்சத்திலிருந்து 42,55,000 ஆக உயர்ந்தது. ஆனால் லாபம் 3,35,000 தான். 1,65,000 ரூபாய் குறைவு.

இதைப் பிரிப்போம். கூடுதலாக விற்ற 150 கிரைண்டரை, ஒன்றுக்குத் திட்டமிட்ட மிச்சமான 1,200 ரூபாயால் பெருக்கினால் 1,80,000. இது அளவு மாறுபாடு, சாதகமானது. அடுத்து, விலையில் குறைந்த 300 ரூபாயை, விற்ற மொத்த 1,150 கிரைண்டராலும் பெருக்கினால் 3,45,000. இது விலை மாறுபாடு, பாதகமானது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது அதே 1,65,000. இடைவெளி முழுவதற்கும் கணக்குக் கிடைத்துவிட்டது. மார்க்கெட் வாங்கத்தான் செய்தது. நாம்தான் விலையை விட்டுக்கொடுத்தோம்.

தள்ளுபடி தந்ததே தவறு என்று இதற்குப் பொருளில்லை. விலை குறைந்ததால்தான் 150 கிரைண்டர் கூடுதலாகப் போயிருக்கலாம். எது எதனால் நடந்தது என்று இந்தக் கணக்கு சொல்லாது. ஆனால் எத்தனை விற்றிருந்தால் தள்ளுபடி கட்டுப்படியாகியிருக்கும் என்று சொல்லும். 3,700 ரூபாய் விலையில் ஒன்றுக்கு மிச்சம் 900 தான். பழைய 12 லட்சத்தை எட்ட 1,334 கிரைண்டர் போக வேண்டும். தள்ளுபடியை முடிவு செய்த நாளில் இந்த எண்ணை யாராவது போட்டுப் பார்த்தார்களா என்பதே பங்குதாரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இந்தக் கணக்கு உங்கள் முன் வரும்போது ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. முதலாவது, அளவு மாறுபாட்டை மிச்சத்தால் பெருக்காமல் விற்பனை விலையால் பெருக்கிக் காட்டுவது. 150 கிரைண்டரை 4,000 ஆல் பெருக்கினால் 6 லட்சம் சாதகம் என்று வரும். விற்றுவரவு ஏன் கூடியது என்று விளக்க அந்த எண் சரி. லாபக் கணக்கில் அதைக் காட்டினால் கூடுதல் கிரைண்டர்கள் செலவே இல்லாமல் உருவானது போலாகிவிடும்.

இரண்டாவது, விலைக் குறைப்பு கண்ணுக்கே தெரியாமல் போவது. இதுதான் அதிகம் நடக்கிறது. பில் 4,000 ரூபாய்க்கே போடப்படும். மாதக் கடைசியில் டீலருக்குக் கிரெடிட் நோட் போய், அது விற்பனையில் கழிக்கப்படாமல் விளம்பரச் செலவு என்ற தலைப்பில் எழுதப்படும். விலை மாறுபாடு பூஜ்யம் என்று வரும், செலவு எகிறியிருக்கும். இன்னொரு வகை, பத்து எடுத்தால் ஒன்று இலவசம் என்ற ஸ்கீம். பதினோரு கிரைண்டர் போய்ப் பத்துக்குத்தான் காசு வருகிறது என்றால், உண்மையான விலை சுமார் 3,636 ரூபாய். எனவே விற்பனைப் பதிவேட்டோடு கிரெடிட் நோட்டுகளின் பட்டியலையும் வாங்குங்கள். குடோனிலிருந்து வெளியேறிய எண்ணிக்கையும் பில் போட்ட எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, இல்லாத தள்ளுபடிக்காக விற்பனை ஆட்களைக் குறை சொல்வது. 5,000 ரூபாய் கிரைண்டர் 500, 3,000 ரூபாய் கிரைண்டர் 500 என்று பட்ஜெட் போட்டால் சராசரி 4,000. நடப்பில் பெரியது 350, சின்னது 800 போனால் சராசரி சுமார் 3,609 ஆகிவிடும். யாரும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. எந்த ரகம் எவ்வளவு போனது என்பதுதான் மாறியது. சராசரியை வைத்து விலை மாறுபாடு பார்க்காதீர்கள், ரகவாரியாகக் கேளுங்கள். அதேபோல மோட்டார் விலை ஏறியதால் வந்த நஷ்டம் கொள்முதல் பக்கத்துக் கணக்கு. விற்பனை மாறுபாடுகளில் எப்போதும் திட்டமிட்ட செலவான 2,800 ஐத்தான் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்க உரிமை இருக்கிறதா? இருக்கிறது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 இன் 9 ஆவது பிரிவு, பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் உண்மையான கணக்கும் முழுத் தகவலும் தர வேண்டும் என்கிறது. 12 ஆவது பிரிவின்படி, நிறுவனத்தின் எந்தக் கணக்குப் புத்தகத்தையும் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் உரிமை உண்டு. நிர்வாகத்தில் இல்லை என்பதால் அது போய்விடாது. ஆனால் 12 ஆவது பிரிவு, பங்குதாரர்களுக்கிடையிலான ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. ஆகவே உங்கள் கூட்டாண்மைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். தொழில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் நிலைமை வேறு. வெறும் பங்குதாரருக்கு ஆண்டு நிதிநிலை அறிக்கைதான் கிடைக்கும், கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடும் உரிமை இயக்குநருக்கே.

கூட்டாண்மையில் இருப்பவர்கள் எழுத்தில் கேளுங்கள்: ரகவாரியாகப் பட்ஜெட், விற்ற எண்ணிக்கை, பில் மதிப்பு, கிரெடிட் நோட். இந்த நான்கும் கையில் இருந்தால் மேலே போட்ட கணக்கை நீங்களே அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். பட்ஜெட்டே போடுவதில்லை என்று பதில் வந்தால், போன வருடத்து விலையையும் எண்ணிக்கையையும் ஒன்றுக்கான செலவையும் அந்த இடத்தில் வையுங்கள்.

தர மறுத்தால் நீதிமன்றம் போகலாம், ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். கூட்டு நிறுவனம் பதிவாளரிடம் பதிவாகாமல் இருந்தாலோ, உங்கள் பெயர் பங்குதாரராக அங்கே இல்லாமல் இருந்தாலோ, 69 ஆவது பிரிவின்படி ஒப்பந்த உரிமைக்காகவோ இந்தச் சட்டம் தரும் உரிமைக்காகவோ நிறுவனத்தின் மீதோ மற்றப் பங்குதாரர் மீதோ பொதுவாக வழக்குப் போட முடியாது. நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவும் வழி திறந்திருக்கும். பதிவைப் பிறகும் செய்துகொள்ளலாம், ஆனால் வழக்குத் தொடுப்பதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போதே, உங்கள் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.