கடைசித் தவணைக்கு முன் ஒரு கடிதம்

"பாத்ரூம் வேலை சரியில்லை" என்று பில்டருக்கு எழுதினால், "ஆள் அனுப்புகிறோம்" என்ற பதிலோடு விஷயம் நின்றுவிடும். எந்தக் குளியலறை, எந்தப் பொருள், என்ன சோதனை, என்ன திருத்தம் என்று பிரித்து எழுதினால் அப்படி நழுவ முடியாது.

சென்னையில் ஒரு புதிய ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். ஃப்ளஷ் டேங்கில் சிறிது உணவு நிறம் கலந்து, ஃப்ளஷ் செய்யாமல் இருபது நிமிடம் விடுகிறார் வாங்குபவர். கோப்பையில் நிறம் இறங்குகிறது. உள்ளே இருக்கும் வால்வின் ரப்பர் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். அடுத்து, தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார். அது வடிகாலுக்குப் போகாமல் கதவோரம் தேங்குகிறது.

கடிதத்தில் இது இப்படி வரும்: "பெரிய படுக்கையறைக் குளியலறை: ஃப்ளஷ் வால்வு கசிகிறது, மாற்றவும். தரைச் சரிவு தவறு, டைல்ஸைப் பெயர்த்துச் சரிவைத் திருத்தவும்." கூடவே தேதியிட்ட படங்கள்.

பணத்தைப் பற்றிய வரியில்தான் கவனம் தேவை. ஒப்பந்தப்படி தவணை தாமதமானால் வாங்குபவரும் வட்டி கட்ட நேரிடும். ஆகவே "தரமாட்டேன்" என்பதைவிட, "பணம் தயார், திருத்தியபின் கூட்டாகப் பார்வையிட்டு அன்றே செலுத்துகிறேன்" என்பது பாதுகாப்பானது.

பில்டர் மறுத்தால், 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு உதவும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டும் வேலைக் குறைகளை, 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது அது.